வாரம் ஒரு திசை: அடிக்கடி மனம் மாற்றும் நிறுவுனரிடம் வேலைக்குச் சேர்பவருக்கு

நான் வேலை செய்தது நெல் அறுவடை இயந்திரங்களை முன்பதிவு செய்யும் செயலி ஒன்றை உருவாக்கிய சிறிய நிறுவனத்தில். அங்கே புதன்கிழமைக்கு முன் யாரும் உண்மையில் வேலையைத் தொடங்குவதில்லை. எட்டுப் பேரும் திங்கள் காலை நேரத்துக்கு வந்துவிடுவோம். கணினி திறந்திருக்கும், தேநீர் ஆறிக்கொண்டிருக்கும். ஆனால் கை எதிலும் ஆழமாக இறங்காது. திங்கள் சொன்ன வேலை செவ்வாய் மாலைக்குள் மாறிவிடும் என்பதைச் சில மாத அனுபவத்தில் எல்லோரும் கற்றிருந்தோம். புதன் வரை மாறாமல் இருந்தால் அதைச் செய்யலாம் என்று காத்திருப்போம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சோம்பலாகத் தெரியும். உண்மையில் அது களைப்பு. செய்த வேலை வீணாவதை ஐந்தாறு முறை பார்த்த மனிதர் ஏழாவது முறை தன் உழைப்பைக் கொடுக்கத் தயங்குகிறார்.

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரு சிறிய ஸ்டார்ட்அப்பில் முதல் வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். இப்படிப்பட்ட நிறுவுனர்கள் கெட்டவர்கள் அல்லர். என் நிறுவுனர் தன் சொந்தச் சேமிப்பைப் போட்டுக் கல்லடியில் ஓர் அறை எடுத்து, ஊர்ப் பிள்ளைகள் கொழும்புக்குப் போகாமல் இங்கேயே வேலை செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டவர். அவரை இன்றும் மதிக்கிறேன். ஆனால் அவருக்குக் கீழே நாங்கள் தேய்ந்துபோனதும் உண்மை. அந்தத் தேய்மானத்தைத் தடுக்க ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேச்சும் ஓர் உடன்பாடும் எவ்வளவு தூரம் உதவின, எங்கே உதவவில்லை என்பதைச் சொல்கிறேன்.

சேருமுன் கேட்க வேண்டியவை

நேர்முகத்தில் சம்பளத்தைக் கேட்ட பிறகு இன்னும் மூன்று கேள்விகள் கேளுங்கள். கடந்த மூன்று மாதத்தில் முடித்து வாடிக்கையாளர் கையில் கொடுத்த வேலை எது? பாதியில் நிறுத்திய வேலை எது, ஏன் நிறுத்தினீர்கள்? வாரத்தின் நடுவில் வேலை மாறினால் அதை யார், எங்கே சொல்வார்கள்?

முதல் கேள்விக்கு எதிர்காலத் திட்டங்களே பதிலாக வந்தால் கவனியுங்கள். இரண்டாவது கேள்விக்கு "நாங்கள் எதையும் நிறுத்துவதில்லை" என்ற பதில் வந்தால் இன்னும் கவனியுங்கள். எதையும் நிறுத்தாத இடத்தில் எல்லாம் பாதியில் கிடக்கும். மூன்றாவதுக்கு "வாட்ஸ்அப் குழுவில் போடுவேன்" என்று சொன்னால், இரவு பதினொரு மணிக்கும் வேலை மாறும் என்று பொருள்.

நியமனக் கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். சிறிய நிறுவனம், அண்ணா தம்பி உறவு என்று விட்டுவிட வேண்டாம். இலங்கையின் 1954ஆம் ஆண்டு 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம் எட்டுப் பேர் உள்ள அலுவலகத்துக்கும் பொருந்தும். அதன்படி நாளுக்கு 8 மணிநேரம், வாரத்துக்கு 45 மணிநேரம் வழமையான வேலை. அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு கொடுப்பனவு உண்டு. கடிதத்தில் உங்கள் பதவியும் முக்கிய பொறுப்பும் இருக்கட்டும். திசை மாறும்போது உங்கள் வேலை எதுவாக இருந்தது என்பதற்கு அது ஒன்றே சான்று.

முதல் மாதம்: எழுதுங்கள், பேசாதீர்கள்

சேர்ந்த இரண்டாவது வாரத்திலேயே "இங்கே ஒழுங்கு இல்லை" என்று பேசத் தொடங்கினால் யாரும் கேட்கமாட்டார்கள். நிறுவுனர் மனதில் தான் அடிக்கடி மாற்றுகிறோம் என்ற எண்ணமே இருக்காது. அவருக்கு எல்லாம் ஒரே பெரிய கனவின் பகுதிகள். நேற்று உரம் விற்பது, இன்று தயிர் அனுப்புவது, நாளை செயலியை முழுத் தீவுக்கும் கொண்டுபோவது என்றாலும் அவர் தலைக்குள் அது ஒரே பாதைதான். தலைக்குள் இருப்பதைத் தாளுக்குக் கொண்டுவந்தால்தான் அது பல பாதைகள் என்று அவருக்கே தெரியும்.

ஒரு சாதாரண நோட்டு போதும். எக்செல் தாள் என்றாலும் சரி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி, வரியில் ஐந்து விடயங்கள்: நாள், புதிதாகச் சொல்லப்பட்டது, அது எங்கிருந்து வந்தது, அதனால் நின்றுபோன வேலை, நின்ற வேலைக்கு அதுவரை எத்தனை ஆள்நாள் போயிருக்கிறது. ஆள்நாள் என்றால் ஒருவர் ஒரு நாள் செய்த வேலை. மூன்று பேர் நான்கு நாள் செய்தால் பன்னிரண்டு.

இந்த ஐந்தில் மூன்றாவதுதான் உயிர். மாற்றம் எங்கிருந்து வந்தது என்பதை நான் மூன்றாகப் பிரித்தேன். வாடிக்கையாளரிடமிருந்து வந்தது, பணத்திலிருந்து வந்தது, மற்றவை. வயல்காரர் தொலைபேசியில் சொன்னது முதல் வகை. முதலீட்டாளர் கேட்டது, கையில் காசு முடியப்போவது எல்லாம் இரண்டாவது. நண்பர் சொன்னது, காணொளியில் பார்த்தது, பஸ்ஸில் வரும்போது தோன்றியது எல்லாம் மூன்றாவது. தோன்றியது தவறு என்று இல்லை. நல்ல யோசனைகள் அப்படியும் வரும். ஆனால் அவை காத்திருக்கக்கூடியவை.

எழுதும்போது ஒரே ஒரு கட்டுப்பாடு: உங்கள் கருத்தை எழுதாதீர்கள். "மீண்டும் மாற்றிவிட்டார்" என்று ஓரிடத்தில் எழுதினாலும், பின்னால் அந்தத் தாளை அவர் முன் வைக்க முடியாது. ஒருநாள் அவர் வாசிக்கப்போகும் தாள் இது என்று நினைத்து ஒவ்வொரு வரியையும் எழுதுங்கள்.

ஏழு வாரங்கள், ஒரு பெரும்போகம்

எங்கள் செயலி நெல் அறுவடை இயந்திரங்களைப் பற்றியது. இயந்திரம் வைத்திருப்பவர்களையும் வயல்காரர்களையும் சேர்த்து, எந்த நாளில் எந்த வட்டையில் இயந்திரம் இறங்கும் என்று முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். தேவை உண்மையானது. நெல் முற்றிய பிறகு மழை விழுந்தால் ஒவ்வொரு நாளும் இழப்பு. படுவான்கரையில் இயந்திரத்துக்காகத் தரகர் பின்னால் அலைந்தவர்கள் எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள்.

இங்கே ஒரு விடயத்தைப் புதியவர்கள் நன்றாக மனதில் கொள்ள வேண்டும். கொழும்பில் ஒரு சாப்பாட்டுச் செயலி இந்த வாரம் தவறினால் அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம். நம் பக்கத்தில் வேலை பெரும்பாலும் போகத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. பெரும்போக அறுவடை ஜனவரி கடைசியில் தொடங்கிப் பங்குனி வரை போகும். அதைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு சிறுபோகம், பல மாதம் கழித்து. அதிலும் நீர்ப்பாசனம் உள்ள வயல்கள் மட்டுமே. வாரத்துக்கு ஒரு முறை மனம் மாறுவதற்கு இந்தக் காலண்டர் இடம் கொடுக்காது.

டிசம்பர் நடுவிலிருந்து என் நோட்டில் இருந்ததைச் சொல்கிறேன். முதல் வாரம் திட்டம் தெளிவு: வெளிக்களத்தில் இருந்த மூவர் வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, சம்மாந்துறைப் பக்கம் போய் இயந்திர உரிமையாளர்களைப் பதிவு செய்ய வேண்டும். இரண்டாவது வாரம் நிறுவுனர் கொழும்பில் ஒரு கூட்டத்துக்குப் போய் வந்தார். உரமும் விற்போம் என்றார். மூன்றாவது வாரம் வங்கியில் இருந்த நண்பர் ஒருவரின் ஆலோசனையால், செயலிக்குள் முற்பணம் செலுத்தும் வசதி முதலில் வேண்டும் என்றானது. நான்காவது வாரம் ஒரு காணொளி பார்த்துவிட்டு, மட்டக்களப்புத் தயிரைக் கொழும்பு விடுதிகளுக்கு அனுப்புவது பற்றிப் பேசினார். வெளிக்களத்தினர் மூவரும் எருமை வளர்ப்பவர்களைத் தேடிப் போனார்கள். ஐந்தாவது வாரம், பொங்கலை ஒட்டி, அம்பாறைப் பக்கச் சிங்கள விவசாயிகள் சிலர் தொலைபேசியில் தங்கள் மொழியில் செயலி இல்லையே என்று கேட்டார்கள். சிங்களப் பதிப்பு தொடங்கியது. ஆறாவது வாரம் ஒரு முதலீட்டாளர், முழுத் தீவுக்கும் இல்லாவிட்டால் தனக்கு அக்கறை இல்லை என்றார். எல்லாப் பக்கங்களும் பெயர் மாற்றப்பட்டன. ஏழாவது வாரம் வயல்களில் அறுவடை தானாகவே தொடங்கிவிட்டது. மீண்டும் இயந்திரங்களுக்குத் திரும்பினோம்.

நாங்கள் பேசியிருந்த நாற்பத்தொரு உரிமையாளர்களில் பன்னிரண்டு பேர்தான் கையெழுத்து வரை வந்திருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் அதற்குள் தரகர்களோடு ஒப்பந்தம் செய்துவிட்டார்கள். "ஒரு மாதமாக உங்கள் பிள்ளைகள் வரவே இல்லையே" என்று ஒருவர் கேட்டார். எனக்கு அந்தக் குரல் மறக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் அந்த மாதம் எருமைப் பட்டிகளில் நின்றார்கள்.

ஆறு மாற்றங்களையும் வகைப்படுத்திப் பார்த்தேன். வாடிக்கையாளரிடமிருந்து வந்தவை இரண்டு: சிங்களப் பதிப்பும் அறுவடைக்குத் திரும்பியதும். பணத்திலிருந்து வந்தது ஒன்று: முதலீட்டாளர். மற்றவை மூன்று: உரம், முற்பணம், தயிர். எட்டுப் பேர், ஏழு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 280 ஆள்நாள். அதில் யாரோ ஒரு வாடிக்கையாளர் தொட்டுப் பயன்படுத்தக்கூடிய வேலையாக முடிந்தது சுமார் 90. மீதி 190 பாதியில் நின்றது. எங்கள் சராசரிச் சம்பளம் மாதம் 60,000 ரூபாய், மாதத்துக்கு 22 வேலை நாள். ஆக ஒரு நாளுக்குச் சுமார் 2,700. பாதியில் நின்ற வேலையின் விலை ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மேல்.

ஏன் இவ்வளவு இழப்பு

இதை நிறுவுனருக்கு விளக்க ஒரு சிறிய கணக்கு உதவும். நீங்களே தாளில் போட்டுப் பாருங்கள். மூன்று வேலைகள், ஒவ்வொன்றும் பத்து நாள். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மனதைத் திருப்பவும் கோப்புகளைத் தேடவும் ஒரு நாள் போகிறது என்று வையுங்கள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டால் முதல் வேலை 10ஆம் நாளில் முடியும், இரண்டாவது 21இல், மூன்றாவது 32இல். ஐந்து நாளுக்கு ஒரு முறை மாற்றி மாற்றிச் செய்தால் முதல் வேலை 23ஆம் நாளில்தான் முடியும், இரண்டாவது 29இல், மூன்றாவது 35இல். மூன்றையும் சமமாகக் கவனித்தது போலத் தோன்றும். ஆனால் மூன்றில் எதுவும் முன்னதாக முடியவில்லை. முதல் வாடிக்கையாளர் பதின்மூன்று நாள் கூடுதலாகக் காத்திருக்கிறார்.

இது பழைய வேலைக்குத் திரும்பி வருகிற நிறுவுனரைப் பற்றிய கணக்கு. திரும்பி வராதவரிடம் எதுவுமே முடியாது.

மருதமுனையில் கைத்தறி நெய்யும் குடும்பத்தில் பிறந்த ஒரு தங்கை எங்களோடு வடிவமைப்பு வேலை பார்த்தாள். இந்தக் கணக்கை அவள் வேறு விதமாகச் சொன்னாள். தறியில் பாவு ஏற்றி, ஒவ்வொரு நூலாகக் கோர்த்து முடிப்பதற்கே பெரும்பாடு. ஏற்றிய பிறகு நெய்வது ஓடும். பாதி நெய்த சேலையை வெட்டிவிட்டு வேறு பாவு ஏற்றச் சொன்னால் இழப்பது அந்த அரைச் சேலையை மட்டும் அல்ல, கோர்த்த நாட்களையும் சேர்த்துத்தான். நிறுவுனருக்கு என் எண்களைவிட அந்தத் தறிதான் புரிந்தது.

பேச்சு

நோட்டில் ஐந்தாறு வரிகள் சேர்ந்த பிறகு பேசுங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் வேண்டாம். எல்லோர் முன்னாலும் கேட்டால் அவர் தன்னைக் காக்கப் பார்ப்பார். திங்கட்கிழமை காலையும் வேண்டாம். அன்று அவர் புதிய யோசனையின் சூட்டோடு வருவார். வெள்ளி மாலை, எல்லோரும் போன பிறகு, அரை மணிநேரம் கேளுங்கள்.

நான் முதல் முறை பேசியது தோல்வி. "அண்ணா, பிள்ளைகள் களைத்துவிட்டார்கள்" என்று தொடங்கினேன். அவர் முகம் வாடியது. தானும் களைத்துத்தான் இருக்கிறேன் என்றார், தன் கடனைச் சொன்னார், நான் ஆறுதல் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். எதுவும் மாறவில்லை.

இரண்டாவது முறை தாளை வைத்து, "அண்ணா, இதில் எதை நிறுத்தலாம் என்று நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்டேன். இந்தக் கேள்வியின் பலமே, அது அவர் அதிகாரத்தைப் பறிக்காமல் அவரிடமே திருப்பிக் கொடுப்பதுதான். அவர் வெகுநேரம் தாளைப் பார்த்தார். "இத்தனை முறையா மாற்றினேன்?" என்றார். பிறகு முதல் முறையாக உண்மையான காரணத்தைச் சொன்னார். கையில் இருந்த பணம் நான்கு மாதத்துக்குத்தான் போதும். ஒவ்வொரு வாரமும் பயம் வரும்போது, இதைவிட விரைவாகப் பணம் தரக்கூடிய ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று தேடியிருக்கிறார். நாங்கள் சபலம் என்று நினைத்தது பயம்.

காரணம் தெரிந்தால் பேச்சு எளிதாகும். பயம்தான் காரணம் என்றால் அவருக்குத் தேவை புதிய யோசனை அல்ல, வாரந்தோறும் கண்ணில் படும் ஓர் எண். எங்களிடத்தில் அது உறுதியான பதிவுகளின் எண்ணிக்கை. வெள்ளை மட்டையில் எழுதி அவர் மேசைக்கு நேரே வைத்தோம். அந்த எண் மெதுவாக ஏறினாலும் ஏறுகிறது என்று தெரிந்தபோது அவர் பாதி அமைதியானார்.

சில நிறுவுனர்கள் இந்த இடத்தில் இன்ஸ்டாகிராமைச் சொல்வார்கள், அவர்களும் மாற்றித்தானே வென்றார்கள் என்று. அது உண்மை. பர்பன் என்ற செயலியாகத் தொடங்கியவர்கள், அதைப் பயன்படுத்தியவர்கள் எதைவிட எதை அதிகம் செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். படங்களைப் பகிர்வதுதான் என்று கண்டதும் மற்ற வசதிகளை வெட்டி எறிந்துவிட்டு, 2010 ஒக்டோபரில் இன்ஸ்டாகிராமை வெளியிட்டார்கள். அங்கே மாற்றம் பயனரைப் பார்த்ததிலிருந்து வந்தது, வேலையைக் கூட்டவில்லை, குறைத்தது. இதை வாதமாக அல்ல, தகவலாகச் சொல்லுங்கள். "நம் செயலியில் ஆட்கள் எதை அதிகம் செய்கிறார்கள் அண்ணா, ஒரு முறை பார்ப்போமா?" என்று கேட்கும் இடம் அதுவே.

உடன்பாடு

பேச்சிலிருந்து எழுத்தில் ஒன்று வெளியே வர வேண்டும். எங்களுடையது ஒரு பக்கம்கூட இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு வேலை. அந்த இரண்டு வாரத்துக்குள் தோன்றும் எல்லா யோசனையும் பின்னால் பார்க்கும் பட்டியலுக்குப் போகும். இரண்டாவது வெள்ளியன்று அந்தப் பட்டியலைச் சேர்ந்து வாசிப்போம். புதிதாக ஒன்று உள்ளே வந்தால் எது வெளியே போகிறது என்று அதே கூட்டத்தில் சொல்லப்படும்.

இரண்டு வாரம் என்பதற்குக் காரணம் உண்டு. ஒரு மாதம் என்றால் அப்படிப்பட்ட மனிதரால் தாங்க முடியாது, மூன்றாவது வாரத்தில் உடைத்துவிடுவார். ஒரு வாரம் என்றால் மேலே சொன்ன கணக்கில் உள்ள இழப்பு அப்படியே இருக்கும்.

விதிவிலக்குகளை முன்கூட்டியே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாமே விதிவிலக்காகிவிடும். நாங்கள் மூன்றை மட்டும் வைத்தோம்: செயலி வேலை செய்யாமல் நின்றால், பணம் தவறான இடத்துக்குப் போனால், அடுத்த மூன்று நாளுக்குள் அறுவடை உள்ள ஒரு வயல்காரருக்கு இயந்திரம் வராமல் போனால். அந்த மூன்றாவதைச் சேர்க்கச் சொன்னவர் நிறுவுனரே. எங்களுக்கு அது தோன்றவில்லை.

பின்னால் பார்க்கும் பட்டியலை மரியாதையோடு வைத்திருங்கள். அவர் சொன்ன சொல்லிலேயே, நாளோடு எழுதுங்கள். யோசனை தொலைந்துவிடும் என்ற அச்சம்தான் அவரை உடனே செய்யச் சொல்ல வைக்கிறது. இரண்டு வாரம் கழித்து வாசிக்கும்போது, அவரே பாதியை அடித்துவிடுவார். எங்கள் முதல் பட்டியலில் பதினொன்று இருந்தது. அவர் கையால் எட்டை அடித்தார்.

நிறுத்திய வேலையை மூடுங்கள்

இதைப் பெரும்பாலானோர் செய்வதில்லை. ஆனால் ஊழியரின் மனச்சுமையில் பாதி இங்கேதான் இருக்கிறது. தயிர்த் திட்டம் நின்றபோது எருமை வளர்ப்பவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்கள் எங்கள் வெளிக்களத் தம்பியைச் சந்தையில் கண்டு, எப்போது பால் எடுக்க வருவீர்கள் என்று கேட்டார்கள். திட்டத்தை நிறுத்தியது நிறுவுனர், வெட்கப்பட்டு நின்றது அந்தத் தம்பி. அவன் அதே ஊர்க்காரன். அவன் அம்மா கோயிலில் அவர்களைச் சந்திப்பார். நம் ஊர்களில் நிறுவனத்தின் வாக்கு ஊழியரின் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும்.

ஆகவே ஒரு வேலை நின்றதும் அன்றே அரை நாள் ஒதுக்குங்கள். யாருக்கெல்லாம் வாக்குக் கொடுத்தோமோ அவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், குறுஞ்செய்தி போதாது. முற்பணம் வாங்கியிருந்தால் திருப்புங்கள். எந்த வரை வந்தது, கோப்புகள் எங்கே, மீண்டும் தொடங்க என்ன வேண்டும் என்று பத்து வரி எழுதி வையுங்கள். பல ஊர்க்காரருக்குச் செய்தி போக வேண்டும் என்றால் வட்டை விதானையிடம் சொன்னால் வயல்காரர் எல்லோருக்கும் சேரும். முடிந்தால் நிறுவுனரையே இரண்டு மூன்று பேருக்கு அழைக்கச் சொல்லுங்கள். எங்கள் நிறுவுனர் நான்கு எருமைக்காரரிடம் தானே பேசினார். நோட்டால் வராத மாற்றம் அந்த நான்கு அழைப்புகளால் வந்தது. அதன் பிறகு புதிதாக ஒன்றைத் தொடங்குமுன், இதை நிறுத்தினால் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று அவரே கேட்கத் தொடங்கினார்.

பயன் தருகிறதா என்று அறிவது

இரண்டு மாதம் கழித்துப் பாருங்கள். திங்கட்கிழமையே வேலை தொடங்குகிறதா? கூட்டத்தில் ஊழியர்கள் மறுத்துப் பேசுகிறார்களா? எதற்கும் சரி சரி என்று தலையாட்டும் அமைதி ஒற்றுமை அல்ல, கைவிட்ட நிலை. யாராவது மறுபடி வாதாடத் தொடங்கினால் உயிர் திரும்பி வருகிறது.

இந்த முறைக்கு எல்லை உண்டு. உடன்பாட்டை நிறுவுனர் மூன்று முறை உடைத்து, ஒரு முறைகூட அதை உடைத்ததாக ஏற்கவில்லை என்றால் நோட்டால் அவரை மாற்ற முடியாது. பணம் உண்மையிலேயே முடிந்துவிட்டால் எந்த ஒழுங்கும் நிறுவனத்தைக் காப்பாற்றாது. அதன் முதல் அடையாளம் பெரும்பாலும் சம்பளத் தாமதம் அல்ல, சேமலாப நிதி. உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம் பிடித்து, நிறுவனம் 12 வீதம் சேர்த்து ஊழியர் சேமலாப நிதிக்கும், அதற்குப் புறம்பாக 3 வீதம் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கும் கட்ட வேண்டும். உறுப்பினர் இலக்கத்தைச் சேர்ந்த முதல் மாதமே கேட்டு வாங்கி, சில மாதத்துக்கு ஒரு முறை மீதியைப் பாருங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் முதலில் எழுத்தில் கேளுங்கள், பதில் இல்லாவிட்டால் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். இதில் அண்ணா என்ற உறவு தடையாக இருக்க வேண்டாம்.

உடம்பும் சொல்லும். ஞாயிறு மாலை வயிறு பிசைவது, தொலைபேசி ஒலித்தாலே நெஞ்சு படபடப்பது, நன்றாகச் செய்யத் தெரிந்த வேலையைக்கூடத் தொடங்க முடியாமல் இருப்பது, இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் விடுப்பு எடுங்கள். விடுப்புக்குப் பிறகும் திங்கள் காலையில் அதே நிலை என்றால் வேறு வேலை தேடத் தொடங்குங்கள். தேடுவது துரோகம் அல்ல.

போவதென்று முடிவெடுத்தால், அறுவடை நடுவில் போகாதீர்கள். வயல்காரருக்கு உங்கள் நிறுவுனர் மேல் உங்களுக்குள்ள மனக்குறை தெரியாது. நியமனக் கடிதத்தில் உள்ள முன்னறிவிப்புக் காலத்தை முழுதும் கொடுங்கள். நோட்டை அடுத்து வருபவரிடம் ஒப்படையுங்கள், ஆனால் முதல் பக்கத்தில் ஒரு பட்டியல் சேர்த்துவிட்டு: எந்தெந்த ஊரில் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம், அவற்றில் எதை இன்னும் சொல்லி முடிக்கவில்லை. நான் விட்டு வந்தபோது அந்தப் பக்கத்தில் மூன்று பெயர்கள் மீதி இருந்தன. இரண்டு பேரைக் கடைசி நாளில் அழைத்துவிட்டேன். மூன்றாமவர் தொலைபேசியை எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு வவுணதீவுக்குப் போய் நேரில் சொன்னேன்.